‘சிலதுல முந்திரி இருக்கு’ என்றால் மற்றதில் இல்லையா?

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை. நீங்களும் உங்கள் வகுப்புத் தோழனும் லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையோரம் ஓர் இனிப்புக் கடை முன்னால் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பேழைக்குள் 12 தட்டுகளில் 12 வகை இனிப்புகள். உங்கள் தோழனுக்கு முந்திரி ஒவ்வாமை உண்டு. ஒரு கடி தவறாகப் போனாலும் மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருக்கும். அதனால் அவன் கேட்கிறான்.

“அக்கா, இதுல எல்லாம் முந்திரி இருக்கா?”

கடைக்கார அக்கா இன்னொருவருக்கு லட்டு நிறுத்துக்கொண்டே பதில் சொல்கிறார்.

“சிலதுல முந்திரி இருக்கு தம்பி.”

உங்கள் தோழனின் முகம் மலர்கிறது. சிலதில்தானே இருக்கிறது? அப்படியானால் மற்றதில் இல்லை. மேலே முந்திரி எதுவும் தெரியாத ஒரு தட்டைப் பார்த்து அவன் கை நீட்டுகிறான்.

அங்கேயே அவன் கையைப் பிடித்து நிறுத்துங்கள். ‘மற்றதில் இல்லை’ என்று அந்த அக்கா சொல்லவே இல்லை. அவன்தான் அதைச் சேர்த்துக்கொண்டான். நம் எல்லாருடைய மூளையும் ஒரு நாளைக்குப் பலமுறை இதைச் செய்கிறது. பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். எப்போது சரி, எப்போது ஆபத்து என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

அளவையியலின் ‘சில’

அளவையியல் என்பது ஒரு கூற்றிலிருந்து இன்னொரு கூற்று கட்டாயமாகப் பின்தொடர்கிறதா என்று ஆராயும் துறை. அதில் ‘சில’ என்ற சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான்: குறைந்தது ஒன்று. கணிதத்தில் இதை ∃ என்ற குறியால் எழுதுகிறார்கள். ‘எல்லாம்’ என்பதற்கு ∀. ‘குறைந்தது ஒன்று’ என்பது எதற்கும் மேல்வரம்பு வைப்பதில்லை. ஒன்று இருந்தாலும் உண்மை, ஐந்து இருந்தாலும் உண்மை, எல்லாம் இருந்தாலும் உண்மை.

தமிழில் ‘சில’ என்பது பன்மைச் சொல். ஆகவே நம் காதுக்கு அது குறைந்தது இரண்டு என்று கேட்கும். அந்த வேறுபாடு இங்கே பெரிதில்லை. கேள்வி கீழ்வரம்பைப் பற்றியது அல்ல, மேல்வரம்பைப் பற்றியது. ‘சில’ என்றால் ‘எல்லாம்’ என்பதும் அதற்குள் அடங்குமா?

ஒரு சிங்கப்பூர் எடுத்துக்காட்டு பாருங்கள். கீழே உள்ள இரண்டு கூற்றுகளும் உண்மையா, பொய்யா?

அ) கிழக்கு-மேற்கு ரயில் பாதையில் சில நிலையங்கள் தரைக்கடியில் உள்ளன.

ஆ) வடக்கு-கிழக்கு ரயில் பாதையில் சில நிலையங்கள் தரைக்கடியில் உள்ளன.

முதல் கூற்றில் சிக்கல் இல்லை. பூகிஸ் நிலையம் தரைக்கடியில் இருக்கிறது, காலாங் நிலையம் தரைக்கு மேலே இருக்கிறது. இரண்டாவது கூற்றுதான் உறுத்தும். லிட்டில் இந்தியா வழியே போகும் வடக்கு-கிழக்குப் பாதையில் 17 நிலையங்கள் உள்ளன. துறைமுக முனையிலிருந்து பொங்கோல் கோஸ்ட் வரை அத்தனையும் தரைக்கடியில்தான். “சில நிலையங்களா? எல்லாமே அப்படித்தானே!” என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள்.

ஆனால் அளவையியலின்படி இரண்டாவது கூற்று முழு உண்மை. 17 நிலையங்களும் தரைக்கடியில் இருந்தால், அவற்றுள் சில தரைக்கடியில் இருக்கத்தானே செய்யும்? லிட்டில் இந்தியாவையும் சிராங்கூனையும் காட்டினால் போதும், கூற்று நிரூபணமாகிவிடும். அப்படியென்றால் நம்மை உறுத்தியது எது?

சொன்னதும் சொல்லாததும்

இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் தந்தவர் பிரிட்டிஷ் தத்துவவியலர் பால் கிரைஸ். 1967ஆம் ஆண்டு ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகளில் ஒரு பகுதி, 1975ஆம் ஆண்டு கட்டுரையாக அச்சில் வந்தது. இருவர் பேசும்போது ஒருவருக்கொருவர் ஒத்துழைக்கிறார்கள் என்பது அவர் கருத்தின் அடிப்படை. கேட்பவருக்குத் தேவையான அளவு தகவலைப் பேசுபவர் தருவார், தெரிந்ததை வேண்டுமென்றே குறைத்துச் சொல்ல மாட்டார் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அந்த எதிர்பார்ப்பிலிருந்து, சொல்லாத ஒன்றையும் நாம் ஊகித்துக்கொள்கிறோம். அப்படிக் கிடைக்கும் பொருளை உட்குறிப்பு எனலாம்.

1972ஆம் ஆண்டு தம் முனைவர் பட்ட ஆய்வில் லாரன்ஸ் ஹார்ன் என்ற அமெரிக்க மொழியியலர் இதை ஓர் ஏணியைப்போல் விளக்கினார். சில, பல, பெரும்பாலான, எல்லா என்று சொற்களை அடுக்கிப் பாருங்கள். மேலே போகப்போகச் சொல் கூடுதலான தகவலைத் தருகிறது. ஒருவர் கீழ்ப்படியில் நின்று பேசினால், மேற்படியில் நிற்க அவரால் முடியவில்லை என்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

இப்போது உங்கள் தோழனின் மூளை ஒரு நொடிக்குள் செய்த கணக்கை மெதுவாகப் போட்டுப் பார்ப்போம்.

முதல் படி: அக்கா ‘சிலதுல’ என்றார்.

இரண்டாம் படி: எல்லாத் தட்டிலும் முந்திரி இருந்தால் ‘எல்லாத்துலயும்’ என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்வது ஒன்றும் சிரமமில்லை, கேட்டவனுக்கும் அதுதான் அதிகம் பயன்படும்.

மூன்றாம் படி: அவர் அப்படிச் சொல்லவில்லை.

நான்காம் படி: எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்பது கடைக்காரரான அவருக்குத் தெரியும்.

முடிவு: ஆகவே எல்லாவற்றிலும் முந்திரி இல்லை.

நான்காம் படியைக் கவனியுங்கள். முழுக் கணக்கும் அதன்மேல்தான் நிற்கிறது. அந்த அக்கா பகுதிநேரமாக உதவிக்கு வந்தவராக இருக்கலாம். இனிப்புகள் வேறெங்கோ உள்ள சமையற்கூடத்திலிருந்து வந்திருக்கலாம். காஜு கத்லியிலும் இன்னொன்றிலும் முந்திரி இருப்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கலாம். மற்ற பத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது என்றால், ‘எல்லாத்துலயும்’ என்று அவரால் சொல்ல முடியாது. ‘சிலதுல’ என்பதுதான் அவர் நேர்மையாகச் சொல்லக்கூடிய சொல். அவர் பொய் சொல்லவில்லை. எதையும் மறைக்கவும் இல்லை. உங்கள் தோழன்தான் அவருக்கு இல்லாத அறிவை அவர்மேல் ஏற்றிவிட்டான்.

எண்ணிக்கையில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 12 தட்டுகளில் முந்திரி உள்ளவை 0 முதல் 12 வரை எத்தனையாகவும் இருக்கலாம். அதாவது 13 வாய்ப்புகள். ‘சிலதுல இருக்கு’ என்ற கூற்று அளவையியலின்படி 0 என்ற ஒரு வாய்ப்பை மட்டுமே நீக்குகிறது. 1 முதல் 12 வரை அப்படியே நிற்கும். உட்குறிப்பையும் சேர்த்தால் 12 என்ற வாய்ப்பும் நீங்கும். ஒவ்வாமை உள்ளவனுக்கு எந்தத் தட்டையும் தொடக்கூடாத நிலை எது? அந்தப் பன்னிரண்டுதான். அதை நீக்கியது அக்கா சொன்ன சொல் அல்ல, நம் ஊகம்.

இன்னொன்றும் உண்டு. ஊகம் சரியாகவே இருந்தாலும் அது ‘எல்லாவற்றிலும் இல்லை’ என்று மட்டுமே சொல்கிறது. எந்தத் தட்டு பாதுகாப்பானது என்று சொல்வதில்லை. மேலே முந்திரி தெரியாத இனிப்பின் உள்ளே அரைத்த முந்திரி இருக்கலாம்.

ஊகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

‘எல்லாம் அல்ல’ என்பது ‘சில’ என்ற சொல்லின் பொருளிலேயே இல்லை, நாம் சேர்ப்பது என்றேன். அதை நிரூபிக்க இரண்டு சோதனைகள் உள்ளன. நீங்களே செய்து பார்க்கலாம்.

முதல் சோதனை, நீக்கிப் பார்ப்பது. “சிலதுல முந்திரி இருக்கு. சொல்லப்போனா எல்லாத்துலயுமே இருக்கு.” இப்படி ஒருவர் சொன்னால் அவர் முன்னுக்குப்பின் முரணாகப் பேசிவிட்டதாக உங்களுக்குத் தோன்றாது. முதலில் சொன்னதைக் கூட்டிச் சொல்கிறார், அவ்வளவுதான். இப்போது இதைப் பாருங்கள். “சிலதுல முந்திரி இருக்கு. ஆனா ஒண்ணுலகூட இல்ல.” இது அப்பட்டமான முரண். ஆக ‘குறைந்தது ஒன்று’ என்பதைச் சொல்லிலிருந்து பிரிக்க முடியாது. ‘எல்லாம் அல்ல’ என்பதைப் பிரிக்க முடிகிறது.

இரண்டாவது சோதனை, ‘ஆல்’ விகுதி சேர்ப்பது. “சிலதுல முந்திரி இருந்தா எனக்குச் சொல்லுங்க” என்று நீங்கள் கேட்கிறீர்கள். 12 தட்டிலுமே முந்திரி இருக்கிறது. கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, “நீங்க சிலதுலன்னுதானே சொன்னீங்க, இது எல்லாத்துலயும் இருக்கே” என்றால் ஏற்றுக்கொள்வீர்களா? மாட்டீர்கள். நிபந்தனைக்குள் வந்ததும் ‘சில’ தன் அளவையியல் பொருளுக்குத் திரும்பிவிடுகிறது. ‘எல்லாம் அல்ல’ என்ற துணைப்பொருள் தானாகவே மறைந்துவிடுகிறது.

குழந்தைகள் சொன்ன பதில்

நாம் பிறக்கும்போதே இந்த ஊகத்தோடு பிறக்கிறோமா? 2001ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில் ஐரா நோவெக் என்ற உளவியலர், பிரெஞ்சு மொழி பேசும் குழந்தைகளிடமும் பெரியவர்களிடமும், ‘சில ஒட்டகச்சிவிங்கிகளுக்கு நீண்ட கழுத்து உண்டு’ என்பதுபோன்ற கூற்றுகளைச் சொல்லிக் கருத்துக் கேட்டார். எல்லா ஒட்டகச்சிவிங்கிகளுக்கும் நீண்ட கழுத்து என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதனால்தான் அந்தக் கூற்று. நம் வடக்கு-கிழக்கு ரயில் பாதைக் கூற்றும் இதே வகைதான்.

சுமார் எட்டு வயதுக் குழந்தைகள் இத்தகைய கூற்றுகளை 100க்கு 89 முறை சரி என்றார்கள். பத்து வயதுக் குழந்தைகள் 85 முறை. பெரியவர்களோ 41 முறைதான் சரி என்றார்கள். அளவையியல் தேர்வு வைத்தால் குழந்தைகள் பெரியவர்களைவிட அதிக மதிப்பெண் பெறுவார்கள் போலிருக்கிறதே!

ஆனால் குழந்தைகள் அந்த வேறுபாட்டை உணரவே இல்லை என்று முடிவுகட்டிவிட முடியாது. 2011ஆம் ஆண்டு நெப்போலியன் காட்சோஸ், டோரத்தி பிஷப் என்ற இரு ஆய்வாளர்கள் கேள்வி கேட்கும் முறையை மாற்றினார்கள். ஓர் எலி எல்லாக் கேரட்டுகளையும் எடுத்துவிட்ட படத்தை ஐந்தாறு வயதுக் குழந்தைகளுக்குக் காட்டி, எலி சில கேரட்டுகளை எடுத்தது என்று கதையில் வரும் ஒருவர் சொல்வதாகக் கேட்கவைத்தார்கள். ‘சரியா, தவறா’ என்று கேட்டபோது பெரும்பாலான குழந்தைகள் சரி என்றார்கள். அதற்குப் பதிலாக, சொன்னவருக்குச் சிறியது, பெரியது, மிகப் பெரியது என்ற மூன்று ஸ்ட்ராபெரிப் பழங்களில் ஒன்றைப் பரிசாகக் கொடுக்கச் சொன்னபோது, குழந்தைகள் பெரும்பாலும் நடுப்பழத்தையே கொடுத்தார்கள். சொன்னது பொய்யல்ல, அதனால் சிறிய பழம் இல்லை. முழுமையும் அல்ல, அதனால் மிகப் பெரிய பழமும் இல்லை. உண்மையில் இதைவிடச் சரியான மதிப்பீடு கிடையாது. ‘பொய்’ என்பதும் ‘போதாது’ என்பதும் வேறு வேறு.

வீட்டில் தொடக்கநிலை ஒன்றில் படிக்கும் தம்பியோ தங்கையோ இருந்தால் ஐந்து பென்சில்களையும் மேசையில் வைத்துவிட்டு, “சில பென்சில் மேசைமேல இருக்கு, சரியா?” என்று கேட்டுப் பாருங்கள். பிறகு அதே கேள்வியை அம்மாவிடம் கேளுங்கள்.

பத்தையும் கொடுக்காதே

இந்த ஊகத்தைத் தமிழ் இலக்கணக்காரர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே கவனித்திருக்கிறார்கள் என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். தமிழில் ‘எல்லாம்’ என்ற பொருளைத் தருவதில் ‘உம்’ என்ற இடைச்சொல்லுக்கு முக்கியப் பங்கு உண்டு. ‘மூன்று பேர் வந்தார்கள்’ என்பதையும் ‘மூன்று பேரும் வந்தார்கள்’ என்பதையும் ஒப்பிடுங்கள். இரண்டாவதில் இருந்த மூவருமே வந்துவிட்டார்கள், மிச்சமில்லை. இதை முற்றும்மை என்பார்கள். மிச்சம் இருப்பதைக் காட்டினால் அது எச்சவும்மை.

தொல்காப்பியமும், 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலும் இதைப் பற்றி ஒரு நுட்பமான விதி சொல்கின்றன. முற்றும்மை சில இடங்களில் எச்சப்பொருளும் தரும் என்பது அந்த விதி. உரைகளில் வரும் எடுத்துக்காட்டுகளை இன்றைய தமிழில் சொல்வதானால், ‘பத்தையும் கொடுக்காதே’, ‘எல்லாரும் வரவில்லை’ போன்றவை. ‘பத்தையும் கொடுக்காதே’ என்று அம்மா சொன்னால், கொஞ்சம் கொடு, மீதியை வைத்துக்கொள் என்று புரிந்துகொள்கிறோம். ‘எல்லாரும் வரவில்லை’ என்றால் சிலர் வந்தார்கள்.

அளவையியலாக மட்டும் பார்த்தால், ஒன்றுமே கொடுக்காமல் இருந்தாலும் ‘பத்தையும் கொடுக்காதே’ என்ற கட்டளையை நீங்கள் மீறியதாகாது. ஆனாலும் ‘கொஞ்சம் கொடு’ என்று ஏன் கேட்கிறது? ஒன்றுகூடக் கொடுக்கக்கூடாது என்பது அம்மாவின் எண்ணம் என்றால், ‘ஒன்றையும் கொடுக்காதே’ என்று சொல்லியிருப்பார். அவர் அப்படிச் சொல்லவில்லை. இது இனிப்புக் கடையில் நடந்த அதே கணக்குதான், தலைகீழாக நடக்கிறது. அங்கே ‘சில’ என்பதிலிருந்து ‘எல்லாம் அல்ல’ கிடைத்தது. இங்கே ‘எல்லாம் அல்ல’ என்பதிலிருந்து ‘சில’ கிடைக்கிறது.

‘சில இடங்களில்’ என்று அந்த விதி அளந்து பேசுவதற்கும் காரணம் உண்டு. ‘யாரும் வரவில்லை’ என்றால் ஒருவர்கூட வரவில்லை. அங்கே மிச்சமே கிடையாது. பேச்சுத் தமிழில் இந்த இரண்டு பொருளும் ஒரே வாக்கியத்தில் மோதிக்கொள்ளும். கடைக்கார அக்கா, “எல்லாத்துலயும் முந்திரி இல்ல தம்பி” என்று சொல்லியிருந்தால் அதற்கு என்ன பொருள்? எந்தத் தட்டிலும் முந்திரி கிடையாது என்றும் கொள்ளலாம். சிலவற்றில் உண்டு, எல்லாவற்றிலும் இல்லை என்றும் கொள்ளலாம். குரல் எங்கே அழுந்துகிறது என்பதைக் கவனித்துத்தான் பிரிக்க வேண்டும். ஒவ்வாமை உள்ளவன் ஒருபோதும் முதல் பொருளை நம்பிக் கை நீட்டக்கூடாது.

மீண்டும் கடைக்கு

அறிவியல் பாடத்திலும் இந்தக் கவனம் தேவை. ஆய்வுக்கூடத்தில் 12 மாதிரிகளில் மூன்றை மட்டும் சோதித்து, மூன்றிலும் ஒரு பொருள் இருப்பதைக் கண்டீர்கள் என்றால், ‘சில மாதிரிகளில் இருக்கிறது’ என்று எழுதலாம். அது உண்மை. ஆனால் படிப்பவர், மற்றவற்றில் இல்லை என்று எண்ணிக்கொள்வார். ‘சோதித்த மூன்றிலும் இருந்தது, மற்ற ஒன்பதைச் சோதிக்கவில்லை’ என்று எழுதினால் ஊகத்துக்கு இடமே இல்லை. ‘சில, ஆனால் எல்லாம் அல்ல’ என்று உறுதியாகச் சொல்ல உங்களுக்கு இரண்டு சான்றுகள் வேண்டும்: இருப்பதாக ஒன்று, இல்லாததாக ஒன்று. இரண்டாவது சான்றை அந்த அக்கா தரவில்லை.

அதைத்தான் உங்கள் தோழன் கேட்டு வாங்க வேண்டும். பொட்டலத்தில் அடைத்து விற்கும் உணவில் கொட்டை வகைகள் இருந்தால் அதைச் சிட்டையில் குறிப்பிட வேண்டும் என்பது சிங்கப்பூர் விதி. தட்டிலிருந்து எடுத்து நிறுத்துத் தரும் இனிப்புக்கு, வாய்ச்சொல்தான் பெரும்பாலும் சிட்டை. ஆகவே அவன் இப்படிக் கேட்கலாம்.

“எதுல முந்திரி சுத்தமா இல்லன்னு உங்களுக்கு உறுதியாத் தெரியும்க்கா? எனக்கு அலர்ஜி இருக்கு.”

இந்தக் கேள்வியில் ‘சில’ இல்லை. எது, இல்லை, உறுதி ஆகிய மூன்றும் இருக்கின்றன. அக்கா நிறுத்துக்கொண்டிருந்த லட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். “அது எனக்குத் தெரியாதே தம்பி. இரு, உள்ளே கேட்டுட்டு வர்றேன்” என்பார். சற்றுமுன் ‘சிலதுல’ என்று சொன்ன அதே அக்காதான். அப்போதும் அவருக்குத் தெரியாது. அதை நீங்கள் இப்போதுதான் கேட்டீர்கள்.